4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை: மொத்த பேஸ் 7:02-ஆ, 7:18-ஆ, 8:30-ஆ?

நித்யா_ரேஸ்கோர்ஸ்
எல்லோருக்கும் வணக்கம். அரை மாரத்தானை 2:30-க்குள் முடிக்க வேண்டும் என்று 4:1 ரன்-வாக் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை கோவை ரேஸ் கோர்ஸில் 10 செட் போட்டேன், மொத்தம் 50 நிமிடம். ஓடும்போது கிலோமீட்டருக்கு 6:30, நடக்கும்போது 10:30. எல்லா செட்டும் ஏறக்குறைய இதே அளவுதான்.

வாட்ச் 7.11 கி.மீ., சராசரி பேஸ் 7:02 என்று காட்டியது. வீட்டுக்கு வந்து 20 லேப்பையும் ஷீட்டில் போட்டு AVERAGE கொடுத்தால் 8:30 வருகிறது. என் கணவர் பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டு 7:18 என்கிறார். ஒரே ஓட்டத்துக்கு மூன்று விடை எப்படி வரும்? 2:30-க்கு 7:06 பேஸ் வேண்டும். அதனால் 7:02-ஆ 7:18-ஆ என்பது எனக்கு முக்கியமான விஷயம்.

தாம்பரம்தடம்
8:30-ஐ விட்டுவிடுங்கள். ஓட்டத்துக்கும் நடைக்கும் அது சமமான இடம் கொடுக்கிறது. நீங்கள் ஓடுவது நடப்பதைப்போல் நாலு மடங்கு நேரம். அதனால் 6:30-ஐ நாலு தடவையும் 10:30-ஐ ஒரு தடவையும் கூட்டி 5-ஆல் வகுக்க வேண்டும். 26 நிமிடம், அதோடு 10:30, மொத்தம் 36:30. ஐந்தால் வகுத்தால் 7:18. உங்கள் கணவர் கணக்கு சரி. ரேஸ் கோர்ஸில் மரம் அதிகம், ஜிபிஎஸ் தூரத்தைக் கூட்டிக் காட்டியிருக்கும்.

செல்வம்_லாங்ரன்
இந்தக் கணக்கெல்லாம் இருக்கட்டும். 6:30-ல் ஓட முடிகிறவர் எதற்கு நடக்க வேண்டும்? இரண்டு மாதம் பொறுமையாக 7:00 பேஸில் நிற்காமல் ஓடிப் பழகினால் இந்தக் குழப்பமே வராதே. நடந்துவிட்டு மறுபடி ஓடத் தொடங்கும்போது எனக்குக் கால் இறுகிப்போகும். அதனால் நான் நடப்பதே இல்லை.

கடற்கரைக்கால்
செல்வம், அவர் கேட்டது நடக்கலாமா என்று இல்லை, மொத்த பேஸ் என்ன என்றுதான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலவே, 1970-களிலிருந்து ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த முறை இது. களைத்த பிறகு நடப்பது வேறு, முதல் செட்டிலிருந்தே கணக்காக நடப்பது வேறு. உங்களுக்குக் கால் இறுகுவது உண்மையாகவே இருக்கலாம், அதற்குத் தனி இழை போடுங்கள், பேசுவோம்.

நித்யா, உங்கள் வாட்ச் சொன்னதுதான் சரி. ஜிபிஎஸ் பிழை இல்லை. பேஸை ஒரு நிமிடம் மறந்துவிட்டு மீட்டரில் எண்ணிப் பாருங்கள்.

6:30 என்றால் 390 விநாடியில் 1000 மீட்டர். நீங்கள் ஓடுவது 240 விநாடி. அதில் 615 மீட்டர் போவீர்கள். 10:30 என்றால் 630 விநாடியில் 1000 மீட்டர். 60 விநாடி நடையில் 95 மீட்டர். ஆக ஒரு செட்டுக்கு, அதாவது 300 விநாடிக்கு, 710 மீட்டரும் கொஞ்சமும். 300-ஐ 0.7106-ஆல் வகுத்தால் 422 விநாடி. அதுதான் 7:02. பத்து செட்டுக்கு 7.106 கி.மீ. வாட்ச் 7.11 காட்டியிருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

தாம்பரம் தம்பி சொன்ன கணக்கு எங்கே நழுவுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். பேஸ் என்பது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம். அதனால் ஒரு கிலோமீட்டரில் எத்தனை மீட்டர் ஓடினீர்கள், எத்தனை மீட்டர் நடந்தீர்கள் என்பதுதான் அங்கே பங்கு. நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு நடக்கிறீர்கள், சரி. ஆனால் மெதுவாகப் போவதால் அந்த நேரத்தில் கடக்கும் தூரம் குறைவு. 710-ல் 95 மீட்டர்தான் நடை, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 134 மீட்டர். மீதி 866 மீட்டர் ஓட்டம். 866 மீட்டர் ஓட 338 விநாடி, 134 மீட்டர் நடக்க 84 விநாடி. கூட்டினால் மறுபடியும் 422.

தாம்பரம்தடம்
அண்ணா, அப்படியென்றால் டிரெட்மில்லில் எப்படிப் பொருந்துகிறது? ஜிம்மில் இதே முறையில்தான் போடுகிறேன். ஓட்டம் 9.2, நடை 5.7 என்று வைப்பேன். நாலு பங்கு 9.2, ஒரு பங்கு 5.7, ஐந்தால் வகுத்தால் 8.5. மெஷினில் கடைசியில் வரும் தூரத்தோடு ஒவ்வொரு முறையும் ஒத்துப்போகிறது. நேரத்தைப் பங்காக வைத்துத்தானே இதுவும்?

கடற்கரைக்கால்
நல்ல இடத்தைத் தொட்டீர்கள். டிரெட்மில் காட்டுவது மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகம். வேகம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு தூரம் என்பது. அங்கே நேரத்தைப் பங்காக வைப்பதுதான் முறை, உங்கள் கணக்கு அங்கே முழுக்கச் சரி. அந்த 8.5-ஐ பேஸாக மாற்றுங்கள்: 60-ஐ 8.5-ஆல் வகுத்தால் 7.06 நிமிடம், அதாவது 7:04 பக்கம். 9.2, 5.7 என்று புள்ளிக்குப் பிறகு ஒரே இலக்கம் வைத்ததால் இரண்டு விநாடி விலகல், அவ்வளவுதான். 9.23, 5.71 என்று வைத்தால் 7:02 வந்துவிடும்.

நிமிடத்தால் பிரித்த திட்டம் என்றால் வேகத்தைச் சராசரி எடுங்கள், கடைசியில் பேஸாக மாற்றுங்கள். மீட்டரால் பிரித்த திட்டம் என்றால் பேஸை நேராகவே சராசரி எடுக்கலாம்.

மின்கம்பம்_மதுரை
நான் அந்த இரண்டாவது வகை. வாட்ச் பீப் எல்லாம் எனக்கு ஒத்துவராது. ரிங் ரோட்டில் கி.மீ. கல் பார்த்து ஓடுவேன், கல்லுக்கு முன்னால் கடைசி 100 மீட்டர் நடப்பேன். 900 ஓட்டம், 100 நடை. பேஸ் நித்யா மாதிரியே வைத்துக்கொண்டால் 6:30-ல் பத்தில் ஒன்பது பங்கு 5:51, 10:30-ல் பத்தில் ஒரு பங்கு 1:03. கூட்டினால் 6:54. வகுத்தலே வேண்டாம், சார். ஏன் எல்லோரும் இப்படி ஓடக் கூடாது?

கடற்கரைக்கால்
ஓடலாமே. ஆனால் அது 4:1 இல்லை. 5:51 ஓட்டத்துக்கு 1:03 நடை என்றால் ஏறக்குறைய ஐந்தரைக்கு ஒன்று. நித்யாவைவிட நீங்கள் குறைவாக நடக்கிறீர்கள், அதனால்தான் 6:54.

இன்னொன்று கவனித்தீர்களா? 800 மீட்டர் ஓடி 200 மீட்டர் நடந்தால் என்ன வரும்? 5:12-ம் 2:06-ம் சேர்ந்து 7:18. நித்யாவின் கணவர் சொன்ன அதே எண்! அது எங்கிருந்தோ வந்த எண் இல்லை, வேறொரு திட்டத்தின் சரியான விடை. அந்தத் திட்டத்தில் கிலோமீட்டருக்கு 2:06 நடை. நித்யா நடப்பது கிலோமீட்டருக்கு 1:24 மட்டும். நாலுக்கு ஒன்று என்று வாயால் சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது. அரை மாரத்தானில் இரண்டுக்கும் ஐந்தரை நிமிட வித்தியாசம்.

நித்யா_ரேஸ்கோர்ஸ்
இப்போது புரிகிறது, மிக்க நன்றி சார். ஷீட்டில் 8:30 வந்ததும் அதனால்தானா? 20 லேப்பில் 10 ஓட்டம், 10 நடை, இரண்டையும் ஒரே எடையில் கூட்டிவிட்டது.

கடற்கரைக்கால்
ஆமாம் மா. பேஸ் பத்தியைத் தொடவே தொடாதீர்கள். நேரத்துக்கு ஒரு பத்தி, கி.மீ.-க்கு ஒரு பத்தி வைத்து, மொத்த நேரத்தை மொத்த தூரத்தால் வகுங்கள். நேரம் B-யிலும் தூரம் C-யிலும் இருந்தால்:

```
=SUM(B2:B21)/SUM(C2:C21)
```

விடை இருக்கும் கட்டத்துக்கு `[m]:ss` வடிவம் கொடுங்கள், 7:02 என்றே காட்டும். நேரத்தை உள்ளிடும்போது 0:04:00 என்று மணியோடு சேர்த்துப் போடுங்கள். வெறும் 4:00 என்றால் ஷீட் நாலு மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளும்.

புதுஓட்டம்_திருச்சி
நான் கால்குலேட்டரில் 4 ÷ 6.30, 1 ÷ 10.30 போட்டுக் கூட்டி, 5-ஐ அதால் வகுத்தேன். 6.83 வந்தது. 7:02 வரவில்லையே? எங்கே விட்டேன்?

தாம்பரம்தடம்
6.30 என்று தட்டினால் கால்குலேட்டருக்கு அது 6 நிமிடம் 18 விநாடி. 30 விநாடி என்பது அரை நிமிடம், அதனால் 6.5, 10.5 என்று போட வேண்டும். திரும்ப வரும்போதும் அப்படித்தான்: 7.036 என்று வந்தால் அந்த .036-ஐ 60-ஆல் பெருக்குங்கள், 2 விநாடி. உங்கள் 6.83-ம் 6:83 கிடையாது, 6:50.

ஈஸ்ட்கோஸ்ட்_சிங்கை
எனக்கு வேறு மாதிரி சிக்கல். நானும் 4:1 தான், போன 10 கி.மீ. பந்தயத்தில் வாட்ச் 6:56 என்றது, சான்றிதழில் 72:00, அதாவது 7:12. இந்த இழையைப் படித்த பிறகு நடைக் கணக்கில் ஏதோ தப்பு என்று நினைக்கிறேன். வாட்ச் எதையாவது வேறு மாதிரி சராசரி எடுக்குமோ?

கடற்கரைக்கால்
வாட்ச் மொத்த நேரத்தை மொத்த தூரத்தால்தான் வகுக்கும். அதில் எந்த நேரம், எந்த தூரம் என்பதுதான் கேள்வி. ஆட்டோ பாஸ் போட்டிருந்தீர்களா? வாட்ச்சில் பதிவான நேரமும் தூரமும் என்ன?

ஈஸ்ட்கோஸ்ட்_சிங்கை
ஆட்டோ பாஸ் இருந்தது. 70:20, 10.15 கி.மீ.

கடற்கரைக்கால்
அப்படியானால் இரண்டு காரணம் சேர்ந்திருக்கிறது. தண்ணீர் மேசையிலோ வேறெங்கோ நின்ற 1:40-ஐ வாட்ச் எண்ணவில்லை, பந்தயக் கடிகாரம் எண்ணியது. வாட்ச் 150 மீட்டர் கூடுதலாகவும் அளந்திருக்கிறது; வளைவில் வெளிப்பக்கம் ஓடுவது, ஆட்களைச் சுற்றிப் போவது, ஜிபிஎஸ் கோடு இங்கும் அங்கும் ஆடுவது எல்லாம் இதில் அடங்கும். 70:20-ஐ 10.15-ஆல் வகுத்தால் 6:56. 72:00-ஐ 10-ஆல் வகுத்தால் 7:12. நடைக் கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ரன்-வாக் போடுகிறவர்கள் ஆட்டோ பாஸை அணைத்துவிடுவதே நல்லது என்பேன். சில வாட்ச்களில் எந்த வேகத்துக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்று நாமே வைக்கலாம். அதை நடை வேகத்துக்கு மேலே வைத்துவிட்டால் நடை நிமிடங்கள் முழுவதும் காணாமல் போகும். கையில் 6:30 பார்த்து மகிழ்ந்து, சான்றிதழில் 7:02 பார்க்க வேண்டி வரும்.

நித்யா_ரேஸ்கோர்ஸ்
இன்னும் ஒரே ஒரு கேள்வி. 7:02-ஐ 21.1-ஆல் பெருக்கினால் 2:28:24 வருகிறது. 2:30-க்கு எனக்கு எவ்வளவு இடம் மிச்சம்? நடையை வேகப்படுத்தினால் நல்லதா, ஓட்டத்தையா?

கடற்கரைக்கால்
முதலில் உங்கள் கணக்கில் ஒரு சின்னத் திருத்தம், உங்களுக்குச் சாதகமாக. 29 செட் முடியும்போது 145 நிமிடம், 20.61 கி.மீ. மீதி 490 மீட்டர்தான். அது முப்பதாவது செட்டின் ஓட்டப் பகுதியிலேயே முடிந்துவிடும், நடை வராது. 490 மீட்டருக்கு 3:11. ஆக 2:28:11. பெருக்கிப் பார்த்ததைவிட 13 விநாடி குறைவு. கடைசி செட் எங்கே அறுபடுகிறது என்பதைப் பொறுத்து இது மாறும், ஆனால் நீளமான ஓட்டத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

2:30-க்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று பின்னாலிருந்து போடுங்கள். 7:06.6 பேஸ் என்றால் ஐந்து நிமிடத்துக்கு 703 மீட்டர். நடையில் 95 போனால் ஓட்டத்தில் 608 வேண்டும். 240 விநாடியில் 608 மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 6:35. இப்போது 6:30 ஓடுகிறீர்கள், ஐந்து விநாடி கையில் இருக்கிறது. இரண்டு தண்ணீர் மேசையில் நின்றால் அது போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நடையா, ஓட்டமா என்றால் இதைப் பாருங்கள். நடையை 10:30-லிருந்து 9:30-க்குக் கொண்டுவந்தால், அதாவது ஒரு முழு நிமிடம் வேகமாக்கினால், மொத்த பேஸ் 7:02-லிருந்து 6:56 ஆகும். ஓட்டத்தில் வெறும் 10 விநாடி குறைத்து 6:20 ஓடினால் 6:53. எண்ணை மட்டும் பார்த்தால் ஓட்டம்தான் லாபம். ஆனால் 6:20-ல் 15-வது கி.மீ.-க்கு மேல் தாக்குப்பிடிக்க முடியுமா என்று எண் சொல்லாது. மறுபக்கம், தண்ணீர் பாக்கெட்டைக் கடித்துக்கொண்டு 12:00-ல் உலாத்தினால் 7:09. அங்கேயே 2:30 கைவிட்டுப் போகிறது. என்னைக் கேட்டால் நடை 10:30-ஐவிட மெதுவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை வீசி, குட்டி எட்டு வைத்து நடங்கள். மிச்சத்தை ஓட்டம் பார்த்துக்கொள்ளும்.

மின்கம்பம்_மதுரை
பந்தய நாளில் வாட்ச்சில் சராசரி பேஸை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், நித்யா. அது மேலும் கீழும் ஆடும், பதற்றமாக இருக்கும் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்வார்.

கடற்கரைக்கால்
சரியாகச் சொன்னார். ஒவ்வொரு செட்டும் ஓட்டத்தில் தொடங்குவதால் நடை தொடங்கும் முன்பு சராசரி எப்போதும் நல்லதாகத் தெரியும். முதல் செட்டில் நாலாவது நிமிடம் 6:30, ஐந்தாவது நிமிடம் 7:02. பத்தாவது செட்டில்கூட 49-வது நிமிடம் 6:59, 50-வது நிமிடம் 7:02. அதனால் நடை முடியும் பீப்பில் மட்டும் பாருங்கள். அதைவிட எளிது தூரத்தைப் பார்ப்பது: 50-வது நிமிடத்தில் 7.03, 100-வது நிமிடத்தில் 14.06 கி.மீ. தாண்டியிருக்க வேண்டும்.

அதுகூட வாட்ச் தூரம் என்பதை மறக்க வேண்டாம். சிங்கப்பூர் நண்பருக்கு வந்ததுபோல உங்கள் வாட்ச்சும் கூட்டி அளந்து 21.4-ல் போய் நின்றால், 2:30-க்கு வாட்ச்சில் தெரிய வேண்டிய பேஸ் 7:06 இல்லை, 7:00. கி.மீ. பலகைகள் வரும்போது நேரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போங்கள்.

செல்வம்_லாங்ரன்
படித்துக்கொண்டே வந்தேன். ஒரு சந்தேகம். பீப் அடித்ததும் உடனே 6:30-ல் ஓடிவிட முடியாது. 10:30-லிருந்து ஏற சில விநாடி ஆகும். இந்தக் கணக்கில் அது எங்கே வருகிறது?

கடற்கரைக்கால்
நியாயமான கேள்வி. நித்யாவின் 6:30 லேப்பிலிருந்து எடுத்தது. அந்த நாலு நிமிடத்துக்குள் ஏறும் விநாடிகளும் இருக்கின்றன, ஆகவே கணக்கில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. நிற்காமல் ஓடிய 5 கி.மீ. பேஸை எடுத்து இதில் போட்டால்தான் அது விடுபடும். நடை பேஸுக்கும் அப்படியே. ஒரு லேப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள், 95 மீட்டரில் ஜிபிஎஸ் 5 மீட்டர் பிசகினால் 10:30 என்பது 10:00 ஆகத் தெரியும். பத்து நடை லேப்பையும் கூட்டி, மொத்த நேரத்தை மொத்த தூரத்தால் வகுங்கள்.

தாம்பரம்தடம்
அப்படியானால் 2 நிமிடம் ஓட்டம், 30 விநாடி நடை போட்டால்? விகிதம் அதே நாலுக்கு ஒன்றுதான், பேப்பரில் அதே 7:02 வரும். கேலவேயும் பின்னாளில் 30 விநாடி நடையைத்தான் விரும்பினார் என்று படித்திருக்கிறேன்.

கடற்கரைக்கால்
பேப்பரில் அதேதான். ஆனால் ஏறி இறங்கும் இடங்கள் இரண்டு மடங்காகும், அதில் கொஞ்சம் போகும். 2 நிமிடமே ஓடுவதால் கால் களைக்காமல் கடைசி வரை 6:30 நிற்கும், அதில் கொஞ்சம் வரும். எது அதிகம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்று நினைக்கிறேன். நான் 4:1-லேயே பழகிவிட்டேன், மாற்ற மனமில்லை.

மின்கம்பம்_மதுரை
எங்கள் குழுவில் இருவர் 30 விநாடி நடை போட்டுப் பார்த்தார்கள். ஒருவர் இதுதான் சிறந்தது என்று சத்தியம் செய்கிறார், இன்னொருவர் பீப் தொல்லை என்று திரும்ப 4:1-க்கே வந்துவிட்டார்.

நித்யா_ரேஸ்கோர்ஸ்
வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் முதல் 25 நிமிடம் 4:1, அடுத்த 25 நிமிடம் 2 நிமிடத்துக்கு 30 விநாடி என்று போட்டுப் பார்க்கிறேன். ஆட்டோ பாஸை அணைத்துவிட்டேன். இரண்டு பாதியின் தூரத்தையும் இங்கே போடுகிறேன்.

செல்வம்_லாங்ரன்
இரண்டாவது பாதியில் களைப்பு சேர்ந்திருக்குமே. அடுத்த ஞாயிறு வரிசையை மாற்றி இன்னொரு முறை ஓடிவிட்டு, இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.